நிரலுக்குள் விட்டுவைத்த சாவி

ஒரே நிறுவனத்தில் மூன்று முறை திருட்டு; மூன்றிலும் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு வரி

2016 நவம்பர் 14 அன்று ஊபர் நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைமை அதிகாரிக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் தரவுகளை எடுத்துவிட்டோம், பணம் வேண்டும் என்பது அதன் சாரம். விசாரித்துப் பார்த்ததில் அது வெற்று மிரட்டல் இல்லை என்று தெரிந்தது. உலகம் முழுவதும் 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் போயிருந்தன. அமெரிக்க ஓட்டுநர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேரின் உரிம எண்களும் அதில் இருந்தன.

உள்ளே வந்தவர்கள் ஊபரின் சர்வரை உடைக்கவில்லை. ஊபரின் பொறியாளர்கள் தாங்கள் எழுதும் நிரலை கிட்ஹப் தளத்தில் வைத்திருந்தார்கள். வெளியார் பார்க்க முடியாத தனிப்பட்ட ரெப்போதான் அது. ஆனால் பொறியாளர்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்குகளைக் கொண்டுதான் அதற்குள் நுழைந்தார்கள். வேறு தளங்களிலிருந்து ஏற்கெனவே கசிந்திருந்த பாஸ்வேர்டுகளை அந்தக் கணக்குகளில் போட்டுப் பார்த்தார்கள் திருடர்கள். சில திறந்துகொண்டன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமாக இல்லை. உள்ளே போனவர்கள் நிரலைப் புரட்டினார்கள். ஒரு கோப்பில், அமேசானின் மேகச் சேமிப்பகத்துக்குள் நுழையும் சாவி அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் 16 கோப்புகளை இறக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வேலை.

இதில் வியப்பு என்னவென்றால், ஊபருக்கு இது முதல் முறை இல்லை. 2014இல் அந்நிறுவனப் பொறியாளர் ஒருவர் அதே வகைச் சாவியை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே போட்டுவிட்டார். அந்த ஒரு சாவி சேமிப்பகம் முழுவதற்குமான நிர்வாகி உரிமை கொண்டது. நிறுவனத்தின் எல்லாப் பொறியாளர்களும் எல்லா மென்பொருள்களும் அந்த ஒன்றையே பயன்படுத்தி வந்தார்கள். மே மாதம் யாரோ அதை எடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் பெயரும் உரிம எண்ணும் இருந்த கோப்பைத் திறந்தார்கள். ஊபருக்கு இது தெரியவந்தது செப்டம்பரில். அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த முதல் திருட்டை விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது திருட்டு நடந்தது. நிறுவனம் அதைச் சொல்லாமல், திருடர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஓராண்டு மறைத்துவைத்தது. 2018இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்தப் பாதுகாப்பு அதிகாரி 2022இல் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

2014இல் பொது இடத்தில் கிடந்த சாவி. 2016இல் பூட்டிய அறைக்குள் கிடந்த சாவி. இரண்டுக்கும் நடுவே நிறுவனம் கற்றது ‘பொது இடத்தில் போடாதே’ என்பதை மட்டும்தான். கற்றிருக்க வேண்டியது வேறு: சாவி நிரலுக்குள் இருக்கவே கூடாது.

ஏன் அங்கே எழுதுகிறார்கள்?

ஒரு சிறிய கடை இணையத்தில் ஆர்டர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பெயர், முகவரி, வாங்கிய பொருள் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கின்றன. இணையதளத்தை இயக்கும் நிரல் அந்த டேட்டாபேஸிடம் பேசியாக வேண்டும். டேட்டாபேஸ் யாரையும் சும்மா உள்ளே விடாது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். மனிதர் என்றால் தட்டச்சு செய்வார். இரவு 2 மணிக்கு சர்வர் தானாக மறுபடி இயங்கத் தொடங்கும்போது தட்டச்சு செய்ய யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். ஆகவே நிரலுக்கு பாஸ்வேர்டு எங்கிருந்தாவது கிடைக்க வேண்டும். முதல் நாள் வேலையில் எல்லோரும் செய்வது இது:

```python
conn = psycopg2.connect(
    host="10.0.4.12", dbname="orders",
    user="orders_app", password="Mullai-2291")
```

இது வேலை செய்யும். அதுதான் சிக்கலே. வேலை செய்யும் வரியை யாரும் திரும்பித் தொடுவதில்லை.

பணம் வசூலிக்கும் சேவை, குறுஞ்செய்தி அனுப்பும் சேவை, மேகச் சேமிப்பகம் என்று ஒவ்வொன்றும் இதேபோல ஒரு நீண்ட எழுத்துக் கோவையைத் தருகிறது. அதைத்தான் டோக்கன் என்கிறார்கள், சில இடங்களில் ஏபிஐ கீ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் விதி ஒன்று: அதை வைத்திருப்பவர் யார் என்று அந்தச் சேவை கேட்பதில்லை. சரியான எழுத்துக்கள் வந்தால் கதவைத் திறந்துவிடும்.

நிரலின் இயல்போ பரவுவது. கடையின் நிரலை எழுதும் மூன்று பேரின் மடிக்கணினிகளில் மூன்று நகல்கள். கிட்ஹப்பில் ஒன்று. சோதனை சர்வரில் ஒன்று, உண்மையான சர்வரில் ஒன்று. அன்றாட பேக்கப்பில் பல. வேலையை விட்டுப் போனவரின் பழைய கணினியில் ஒன்று. உதவி கேட்டு நண்பருக்கு அனுப்பிய ஜிப் கோப்பில் இன்னொன்று. நிரல் போகும் இடமெல்லாம் அந்த பாஸ்வேர்டும் கூடவே போகிறது. எத்தனை நகல்கள், எங்கெங்கே என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. தனிப்பட்ட ரெப்போ என்பது அந்த நகல்களில் ஒன்றுக்கு மட்டும் போட்ட பூட்டு.

அழித்தாலும் அழியாது

பாஸ்வேர்டை எழுதிவிட்டோம், அடுத்த நாள் நினைவு வந்து அந்த வரியை நீக்கிவிட்டோம், சரியாகிவிட்டதல்லவா? இல்லை. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் என்ற கருவியின் பயனே, எதையும் மறக்காமல் இருப்பதுதான். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது ஒரு கமிட்டாகப் பதிவாகிறது. பழைய நிலை அப்படியே வரலாற்றில் தங்குகிறது. நீக்கியதும் ஒரு பதிவு, நீக்கியது எதை என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. ஒரே கட்டளையில் தோண்டி எடுத்துவிடலாம்:

```
git log --all --oneline -S "Mullai-2291"
```

அந்தச் சொல் எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் வெளியேறியது என்று இது காட்டிவிடும். தன் ரெப்போவில் ஏதேனும் கிடக்கிறதா என்று பார்க்க விரும்பும் எவரும் இதிலிருந்து தொடங்கலாம். திருடரும் இதிலிருந்துதான் தொடங்குவார். அவருக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாதே என்றால், `password` என்று தேடினாலே போதும்.

பொது ரெப்போக்களில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. கிட்ஹப்பில் புதிதாக ஏறும் கோப்புகளைத் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் சலித்துக்கொண்டே இருக்கின்றன. பல டோக்கன்களைக் கண்ணால் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். அமேசானின் நிலையான அணுகல் சாவியின் அடையாள எண் `AKIA` என்று தொடங்கும், மொத்தம் 20 எழுத்துக்கள். கிட்ஹப்பின் ஒருவகை டோக்கன் `ghp_` என்று தொடங்கும். 2019இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்துத் தேடியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொது ரெப்போக்களில் சாவிகள் கிடைத்தன. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் புதியவை சேர்ந்துகொண்டே இருந்தன.

அதே அடையாளம் காவலுக்கும் உதவுகிறது. 2024 முதல் பொது ரெப்போக்களில் தெரிந்த வகை டோக்கன் ஏதேனும் ஏற வந்தால் கிட்ஹப் வாசலிலேயே தடுத்து எச்சரிக்கிறது. ஆனால் இதை நம்பி உட்கார முடியாது. நம் கடையின் `Mullai-2291` போன்ற பாஸ்வேர்டுக்கு எந்தத் தனி அடையாளமும் கிடையாது. அது ஒரு பொருளின் பெயராகவும் இருக்கலாம், பில் எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள்தான் இந்தச் சல்லடையில் எளிதாக நழுவுபவை.

நிரலுக்கு வெளியே ஓர் இடம்

முதல் தீர்வு பழையது, எளியது. ஒரு நிரலை இயக்கும்போது, இயக்கும் கணினி அதன் கையில் சில பெயர்களையும் மதிப்புகளையும் கொடுத்து அனுப்பலாம். யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1979இலிருந்தே இருக்கும் வசதி இது. என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். தமிழில் சூழல் மாறி. நிரலில் இப்போது பாஸ்வேர்டு இருக்காது, அதன் பெயர் மட்டும் இருக்கும்:

```python
import os
password = os.environ["DB_PASSWORD"]
```

கடையின் உண்மையான சர்வர் லினக்ஸில் ஓடுகிறது என்றால், அதில் `/etc/orders/app.env` என்று ஒரு கோப்பை வைத்து, `DB_PASSWORD=` என்று தொடங்கும் ஒரே வரியை அதில் எழுதலாம். கோப்பின் உரிமையாளர் ரூட், அனுமதி 600. அதாவது ரூட் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. இணையதளத்தை இயக்கும் சர்வீஸ் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்:

```ini
[Service]
EnvironmentFile=/etc/orders/app.env
```

சர்வீஸைத் தொடங்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படித்து, மதிப்பை நிரலின் கையில் கொடுத்துவிடும். சோதனை சர்வரில் அதே பெயரில் வேறு பாஸ்வேர்டு இருக்கும். பொறியாளரின் மடிக்கணினியில் போலி வாடிக்கையாளர்கள் மட்டும் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு. நிரல் மூன்று இடத்திலும் ஒன்றே; ஓர் எழுத்துகூட மாறாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முழு நிரலையும் எடுத்துக்கொண்டாலும் உண்மையான வாடிக்கையாளர் விவரம் அவர் கைக்குப் போகாது.

மேலே உள்ள பைதான் வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. சதுர அடைப்புக்குறியில் கேட்டால், அந்தப் பெயரில் மதிப்பு இல்லாதபோது நிரல் உடனே பிழை காட்டி நின்றுவிடும். சிலர் இதைத் தொல்லை என்று நினைத்து இப்படி எழுதுவார்கள்:

```python
password = os.environ.get("DB_PASSWORD", "Mullai-2291")
```

‘வெளியே கிடைக்கவில்லை என்றால் இதை வைத்துக்கொள்’ என்று பொருள். விரட்டிய பாஸ்வேர்டு பின்வாசல் வழியாக மறுபடி நிரலுக்குள் வந்துவிட்டது. அதோடு, சர்வரில் மதிப்பைக் கொடுக்க யாரோ மறந்திருந்தால் அதுவும் வெளியே தெரியாது. பாஸ்வேர்டு இல்லையென்றால் நிரல் சத்தம் போட்டு நிற்பதுதான் நல்லது.

மடிக்கணினியில் வேலை செய்யும்போது இந்த மதிப்புகளை `.env` என்ற சிறு கோப்பில் வைப்பது வழக்கம். அந்தக் கோப்பின் பெயரை `.gitignore` பட்டியலில் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் கிட் அதைத் தொடாது. ஏற்கெனவே ஒருமுறை கமிட் ஆகிவிட்ட கோப்பைப் பிறகு பட்டியலில் சேர்த்தால் பயனில்லை; கிட் அதைத் தொடர்ந்து பதிந்துகொண்டேதான் இருக்கும். புதியவர்களுக்கு எந்தெந்தப் பெயர்கள் வேண்டும் என்று தெரிய, மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டும் உள்ள `.env.example` என்ற கோப்பை ரெப்போவில் வைக்கலாம்.

இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஹெரோக்கு நிறுவனத்தார். இணையத்தில் ஓடும் மென்பொருள்களுக்கு அவர்கள் வகுத்த பன்னிரண்டு விதிகளில் இதுவும் ஒன்று. அதனுடன் ஒரு சோதனையும் சொன்னார்கள்: உங்கள் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே உலகத்துக்குத் திறந்துவிட்டால் ஏதேனும் சாவி வெளியே போகுமா? போகாது என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் பிரிப்பு சரியாக நடந்திருக்கிறது.

சூழல் மாறி எங்கே கைவிடும்?

பாஸ்வேர்டு நிரலை விட்டு வெளியேறிவிட்டது. ஆனால் மறைந்துவிடவில்லை, சர்வரில் ஒரு கோப்பிலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்திலும் வெறும் எழுத்தாக இருக்கிறது. அங்கிருந்து அது கசியும் வழிகள் தெரிந்தவைதான்.

முதலாவது, `.env` கோப்பை இணையதளத்தின் பொதுக் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிடுவது. அப்படி வைத்தால் உலாவியில் தள முகவரிக்குப் பின்னால் `/.env` என்று தட்டினாலே கோப்பு இறங்கிவிடும். இதற்காகவே இணையத்தைச் சுற்றிவரும் தானியங்கிகள் உண்டு. 2024இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை, இந்த வழியில் 1,10,000 டொமைன்களைக் குறிவைத்து நடந்த ஒரு பணப்பறிப்பு முயற்சியை விவரிக்கிறது. உங்கள் தளத்தில் இது திறந்திருக்கிறதா என்று அறிய, அதே முகவரியை நீங்களே தட்டிப் பார்த்தால் போதும். சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் `/.env` கேட்டு வந்தவர்களின் வரிசையையும் காணலாம்.

இரண்டாவது, பிழைச் செய்தி. நிரல் முறிந்து விழும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியாக, தன் கையிலிருந்த எல்லாச் சூழல் மாறிகளையும் திரையிலோ பதிவேட்டிலோ கொட்டிவிடும் அமைப்புகள் இருக்கின்றன. சோதனை நிலையில் அது வசதி; உண்மையான சர்வரில் அதை அணைக்க மறந்தால், தளத்தைப் பார்க்க வந்தவருக்கு பாஸ்வேர்டு தெரியும்.

மூன்றாவது, அதிகம் பேர் ஏமாறும் இடம். உலாவியில் ஓடும் பக்கத்தை உருவாக்கும் கருவிகளிலும் `VITE_` போன்ற முன்னொட்டுடன் சூழல் மாறிகள் உண்டு. ஆனால் பக்கத்தைத் தயாரிக்கும்போதே அவற்றின் மதிப்பு நிரலுக்குள் பதிந்து, பார்வையாளரின் கணினிக்கு இறங்கிவிடும். பெயர்தான் சூழல் மாறி. நடப்பது நிரலில் எழுதுவதேதான். கைப்பேசி செயலிக்கும் இது பொருந்தும். செயலிக் கோப்பைப் பிரித்து உள்ளிருக்கும் எழுத்துக்களைப் படிக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயனரின் கைக்குப் போகும் எதிலும் ரகசியத்தை வைக்க வழியே இல்லை. அது சர்வரில்தான் இருக்க வேண்டும்; செயலி சர்வரிடம் கேட்க வேண்டும்.

ஒரு சர்வர், இரண்டு மூன்று பாஸ்வேர்டு என்றால் இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டு சூழல் மாறியோடு காலம் தள்ளலாம். பத்து சர்வர், நாற்பது சாவி என்று ஆகும்போது வேறு தொல்லை தொடங்குகிறது. எந்தச் சாவி எந்தக் கோப்பில் இருக்கிறது, யார் படித்தார்கள், கடைசியாக எப்போது மாற்றினோம் என்ற கேள்விகளுக்குக் கோப்பு பதில் சொல்லாது.

காப்பகத்தில் வைப்பது

அந்தக் கேள்விகளுக்காகப் பிறந்தவைதான் சீக்ரெட்ஸ் மேனேஜர் எனப்படும் ரகசியக் காப்பகங்கள். ஹாஷிகார்ப் நிறுவனத்தின் வால்ட் 2015இல் வந்தது. அமேசானின் காப்பகம் 2018இல். மைக்ரோசாஃப்ட், கூகுள் மேகங்களிலும் இதேபோன்றவை உண்டு. ரகசியங்கள் மறையாக்கம் செய்யப்பட்டு ஒரே இடத்தில் இருக்கும். நிரல் தொடங்கும்போது, தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளும்:

```python
sm = boto3.client("secretsmanager")
r = sm.get_secret_value(SecretId="prod/orders/db")
db = json.loads(r["SecretString"])
```

கேட்பவர் யார் என்று காப்பகம் பார்க்கிறது; அவருக்கு அந்தப் பெயரில் அனுமதி உண்டா என்று பார்க்கிறது; கொடுத்ததைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. ஆர்டர் நிரலுக்கு ஆர்டர் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு மட்டும் கிடைக்கும். சம்பளப் பட்டியலின் பாஸ்வேர்டைக் கேட்டால் மறுப்பு வரும், மறுத்ததும் பதிவாகும். 2014இன் ஊபரில் எல்லோரும் ஒரே நிர்வாகிச் சாவியை வைத்திருந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

இதைவிடப் பெரிய மாற்றம், சாவியின் ஆயுள். காப்பகம் பாஸ்வேர்டைக் குறித்த நாளில் தானே மாற்றும்படி அமைக்கலாம். மாற்றும் கணத்தில் ஓடும் நிரல் தடுமாறாமல் இருக்க, டேட்டாபேஸில் இரண்டு பயனர்களை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள்: `orders_a` வேலையில் இருக்கும்போது `orders_b`க்குப் புதிய பாஸ்வேர்டு போடப்படும்; பிறகு நிரல் `orders_b`க்குத் தாவும். அடுத்த முறை எதிர்த்திசையில். வால்ட் இன்னும் ஒரு படி போகிறது. நிரல் கேட்கும்போதே டேட்டாபேஸில் ஒரு புதிய பயனரை உண்டாக்கி, ஒரு மணி நேரம் போன்ற குறுகிய தவணையோடு கொடுக்கும். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் அந்தப் பயனரை நீக்கிவிடும். அப்படிப்பட்ட பாஸ்வேர்டு நாளைக்கு எங்கேயோ கசிந்தாலும் அதை வைத்துத் திறக்கக் கதவு இருக்காது. மாறாத சாவியின் ஆபத்து என்ன என்பதற்கு டொயோட்டா ஓர் எடுத்துக்காட்டு. அதன் டி-கனெக்ட் சேவையின் நிரலில் ஒரு பகுதி, சாவியோடு சேர்ந்து, 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் அந்தச் சாவி திறந்துகொண்டே இருந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

காப்பகத்துக்கும் விலை உண்டு. அமேசானில் ஒரு ரகசியத்துக்கு மாதம் 40 சென்ட். பணமாகப் பார்த்தால் பெரிதில்லை. பெரிய விலை வேறு: காப்பகம் பதில் சொல்லவில்லை என்றால் கடையும் திறக்காது. அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் காப்பகத்தைக் கேட்காமல், வாங்கிய பாஸ்வேர்டைச் சில நிமிடங்கள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, டேட்டாபேஸ் மறுக்கும்போது மறுபடி கேட்கும்படி எழுதுவார்கள்.

காப்பகத்தின் சாவி எங்கே?

கூர்ந்து படிப்பவருக்கு இந்நேரம் ஒரு கேள்வி வந்திருக்கும். காப்பகத்துக்குள் நுழைய நிரலுக்கு ஒரு சாவி வேண்டாமா? அதை எங்கே வைப்பது?

ஊபரின் மூன்றாவது கதை இங்கே வருகிறது. 2022 செப்டம்பரில் ஒருவர் ஊபரின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டைக் கொண்டு நுழைய முயன்றார். இப்போது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தது. ஆனால் அனுமதி கேட்டு மீண்டும் மீண்டும் வந்த அறிவிப்புகளில் ஒன்றை அந்த ஊழியர் ஏற்றுக்கொண்டார். ஊடுருவியவர் தானே சொன்னபடி, உள்வலையில் எல்லோரும் பார்க்கும் ஒரு கோப்புறையில் ஒரு பவர்ஷெல் நிரல் கிடந்தது. அதற்குள் நிறுவனத்தின் ரகசியக் காப்பகத்தின் நிர்வாகிப் பெயரும் பாஸ்வேர்டும் எழுதப்பட்டிருந்தன. ரகசியங்களை எல்லாம் ஒழுங்காக ஒரே இடத்தில் சேர்த்துவைத்து, அந்த இடத்தின் சாவியை மட்டும் பழைய வழக்கப்படி நிரலில் எழுதினால், திருடரின் வேலை முன்னைவிடக் குறைந்துதான் போகிறது.

இந்தக் கடைசிச் சாவியை எழுதியே வைக்காமல் விடுவதுதான் இதற்கு விடை. மேகத்தில் ஓடும் ஒவ்வொரு சர்வரையும் அதை உண்டாக்கிய அமேசானோ கூகுளோ அறியும். ‘இந்த சர்வருக்கு இந்தப் பொறுப்பு’ என்று முன்கூட்டியே பதிந்துவிட்டால், சர்வர் கேட்கும்போது சில மணி நேரமே செல்லும் தற்காலிகச் சாவியை மேகமே கொடுத்து, காலாவதியாகும் முன் தானே புதுப்பிக்கும். மேலே உள்ள மூன்று வரிகளில் காப்பகத்துக்கான பாஸ்வேர்டு எதுவும் இல்லாதது இதனால்தான். அமேசானில் இந்த வசதி 2012இலேயே வந்துவிட்டது. அதாவது ஊபரின் முதல் திருட்டுக்கும் முன்பே. சொந்தக் கட்டடத்தில் வைத்த சர்வருக்கு இப்படிச் சாட்சி சொல்ல மேகம் இல்லை. அங்கே ஏதோ ஒரு முதல் சாவியைக் கோப்பில் வைத்தே ஆக வேண்டியிருக்கும். அப்போது அதை அந்த ஒரு சர்வரிலிருந்து மட்டும் செல்லும்படி கட்டுப்படுத்தி, குறைந்த உரிமை கொடுத்து, அடிக்கடி மாற்றுவதுதான் வழி.

போய்விட்டது என்று தெரிந்தால்

சாவி வெளியே போய்விட்டது தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, ரெப்போவில் அந்த வரியை அழிப்பது. வரிசை தவறு. `git filter-repo` என்ற கருவியால் வரலாற்றிலிருந்தே நீக்கலாம்தான். ஆனால் மற்றவர் எடுத்துவிட்ட நகல்களை அது தொடாது. பொது ரெப்போவில் சில நிமிடங்கள் இருந்தாலும் எடுத்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

முதல் வேலை சாவியைச் செல்லாததாக்குவது. டோக்கன் என்றால் கொடுத்த சேவையில் போய் ரத்து செய்து புதியது வாங்க வேண்டும். டேட்டாபேஸ் என்றால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பாஸ்வேர்டை மாற்றினால், இனி வரும் இணைப்புகளுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் இருந்துகொண்டே இருப்பார். `pg_stat_activity` பட்டியலைப் பார்த்து, பழைய இணைப்புகளை `pg_terminate_backend` கொண்டு அறுத்துவிட வேண்டும். இரண்டாவது வேலை பதிவேட்டைப் படிப்பது: சாவி வெளியே இருந்த நாட்களில் அது எந்த முகவரியிலிருந்து, எதைத் திறந்தது? நம் சர்வர் அல்லாத முகவரி ஒன்று இருந்தாலும் அது வெறும் கவனக்குறைவு இல்லை, திருட்டு; வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய கடமை அங்கே தொடங்குகிறது. ரெப்போவைச் சுத்தம் செய்வது மூன்றாவதாக வரலாம். செல்லாத சாவி வரலாற்றில் கிடந்தால் பெரிய கேடில்லை.

இந்த முதல் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாஸ்வேர்டு நிரலில் இருந்தால், அது எழுதப்பட்ட இடங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் திருத்தி, சோதித்து, எல்லா சர்வரிலும் ஏற்ற வேண்டும். அதற்குப் பயந்தே பலர் மாற்றாமல் விடுகிறார்கள். சூழல் மாறியில் இருந்தால் ஒரு கோப்பைத் திருத்தி சர்வீஸை மறுபடி தொடங்கினால் போதும். காப்பகத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம். உங்கள் அலுவலகத்துக்கோ கடைக்கோ மென்பொருள் எழுதித் தருபவரிடம் ‘பாஸ்வேர்டு பத்திரமாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘இன்று மாலை அதை மாற்றச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும், எந்தெந்தக் கோப்பைத் தொடுவீர்கள்’ என்று கேளுங்கள். பத்து நிமிடம், நிரலில் எதையும் தொட மாட்டேன் என்று அவர் சொன்னால் சாவி சரியான இடத்தில் இருக்கிறது. முதலில் தேடிப் பார்க்க வேண்டும் என்றால், தேடும் வேலையை இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.